மின்னழுத்தியும் பல்மானியும்

கண்டி நகரிலும் அதனைச் சூழ்ந்த பேராதனை, கட்டுகஸ்தோட்டை, அக்குறணை, கம்பளை முதலிய ஊர்களிலும் மழை மாதங்களில் துவைத்த துணி எளிதில் உலர்வதில்லை. இரவு முழுவதும் கொடியிற் கிடந்தும் ஈரம் நீங்காத வெள்ளைச் சீருடையை விடியற்காலையில் மின்னழுத்தியால் தேய்த்து, அதன் சூடு ஆறுமுன்னரே அணிந்து பள்ளிக்கு ஓடும் பிள்ளைகள் பலர். அயன் என்று வீடுகளில் வழங்கும் அந்த அழுத்தி ஒருநாள் சூடேற மறுத்தால் வீட்டில் என்ன நிகழ்கின்றது என்பதைச் சிறிது நோக்குவோம்.

பொறுமையுள்ளவர் அதனைத் திருத்துவோரிடம் கொண்டு செல்வார். பொறுமையற்றவர் தாமே திருகாணிகளைக் கழற்றி ஊகத்தின்படி கைவைப்பார். அவ்வாறு கைவைப்போர் கையாளும் மருந்துகளுள் இரண்டு மிகக் கொடியன. உள்ளே அறுந்துபோன பாதுகாப்பு உருகியை நீக்கிவிட்டு அவ்விடத்தில் ஒரு துண்டுக் கம்பியை முறுக்கி விடுதல் ஒன்று. அழுத்தியைச் செருகியதும் வீட்டின் ட்ரிப் சுவிச் விழுகின்றதென்று புவிக்கம்பியை வெட்டி விடுதல் மற்றொன்று. இரண்டிலும் அழுத்தி மீண்டும் சூடேறும். முதலாவது மருந்து வீட்டுக்குத் தீயையும், இரண்டாவது மருந்து தேய்ப்பவருக்கு உயிராபத்தையும் கொண்டுவரக் கூடும். ஊகத்தினால் விளையும் இக்கேட்டினைத் தவிர்க்கும் கருவியே பல்மானி.

மின்னோட்டம், மின்னழுத்தம், தடை ஆகிய மூன்றையும் ஒரே கருவியால் அளக்கும் வழியை, பிரித்தானியத் தபாற் பகுதியில் பொறியியலாளராயிருந்த டொனால்ட் மக்கடி என்பார் கண்டார். அவருடைய கருவி 1923ஆம் ஆண்டில் ஏவோ என்ற பெயருடன் விற்பனைக்கு வந்தது. அன்று தொழில்வல்லார் மாத்திரமே வைத்திருந்த அக்கருவியின் வழித்தோன்றல் இன்று இலக்கங்களைக் காட்டும் சிறு பெட்டியாக, மின்பொருட் கடைகளில் யாவரும் வாங்கத்தக்க விலைக்குக் கிடைக்கின்றது. ஆனால் கருவி கைக்கு வந்துவிட்டமையால் அதனிடம் கேட்கும் முறையும் வந்துவிட்டது என்று கொள்ளுதல் கூடாது. மின்னழுத்தியைப் பொறுத்தவரை பல்மானியிடம் மூன்று வினாக்களைக் கேட்டல் வேண்டும். மின்னோட்டம் செல்ல வேண்டிய வழி தொடர்ச்சியாக உள்ளதா? அவ்வழி துண்டிக்கப்பட வேண்டிய இடத்தில் துண்டிக்கப்படுகின்றதா? மின்னோட்டம் செல்லக்கூடாத இடத்துக்கு வழி ஏதும் உண்டாகியுள்ளதா? முதல் வினாவுடன் நின்றுவிடுவோரே மேலே கூறிய மருந்துகளைக் கையாளுவோர்.

வினாக்களின் பொருள் விளங்குவதற்கு அழுத்தியின் உள்ளமைப்பை அறிதல் வேண்டும். நீராவியில்லாத சாதாரண அழுத்தியொன்றை எடுத்துக் கொள்வோம். செருகியிலிருந்து வரும் வடத்தினுள்ளே மூன்று கம்பிகள் உள்ளன: உயிர்க்கம்பி, நொதுமற்கம்பி, புவிக்கம்பி. உயிர்க்கம்பி வழியே வரும் மின்னோட்டம் முதலில் வெப்பநிலைநிறுத்தியை அடைகின்றது. பின்னர் வெப்ப உருகி என்னும் சிறு பாதுகாப்புப் பொருளைக் கடக்கின்றது. அதன்பின் சூடாக்கும் சுருளினூடாகச் சென்று நொதுமற்கம்பி வழியே திரும்புகின்றது. இவையனைத்தும் ஒரே சங்கிலியின் கண்ணிகள். எந்தக் கண்ணி அறுந்தாலும் அழுத்தி குளிர்ந்தே கிடக்கும். இவற்றின் வரிசை செய்வோருக்குச் செய்வோர் சற்று மாறலாம். சங்கிலி என்னும் இயல்பு மாறாது. புவிக்கம்பி மாத்திரம் இச்சங்கிலியிற் சேராமல், தேய்க்கும் அடித்தகட்டுடன் நேராக இணைக்கப்பட்டிருக்கும்.

சுருள் நைக்குரோம் என்னும் கலப்புலோகத்தாலானது. அல்பேட் மார்ஷ் என்னும் அமெரிக்கர் 1905ஆம் ஆண்டளவில் நிக்கலையும் குரோமியத்தையும் கலந்து கண்ட இவ்வுலோகம், செந்நிறமாகப் பழுத்தாலும் விரைவில் துருவேறி அழிவதில்லை. பல்மானியைக் கையாளுவோர்க்கு இதன் மற்றொரு பண்பு பெரிதும் உதவுகின்றது. மின்விளக்கின் இழையைப்போலன்றி, நைக்குரோமின் தடை குளிரிலும் சூட்டிலும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும். ஆகவே அழுத்தி குளிர்ந்திருக்கும்போது அளக்கும் தடையைக் கொண்டே அது வேலைசெய்யும்போது எவ்வாறிருக்கும் என்று கூறிவிடலாம்.

அத்தடை எவ்வளவாயிருத்தல் வேண்டும் என்பதை அளப்பதற்கு முன்னரே கணித்தல் கூடும். வீட்டு மின்னழுத்தம் 230 வோல்ற்று. அதனை அதனாலேயே பெருக்க 52,900 வரும். இத்தொகையை அழுத்தியின் பெயர்த்தகட்டில் எழுதியுள்ள வாற்று எண்ணால் வகுத்தால் தடை ஓமிலே கிடைக்கும். 1000 வாற்று அழுத்திக்கு இது ஏறக்குறைய 53 ஓம். தகட்டில் 220 முதல் 240 வோல்ற்று என்று எழுதியிருப்பதாலும், சுருள்கள் அனைத்தும் ஒரே அளவாக அமைவதில்லையாதலாலும், 48க்கும் 58க்கும் இடைப்பட்ட எண் வந்தால் சுருள் நலமாயுள்ளது என்று கொள்ளலாம். எதிர்பார்க்கும் எண்ணை முன்னரே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு அளப்பவர் மயங்குவதில்லை.

இனி அளக்கும் முறைக்கு வருவோம். தடையை அளக்கும்போது பல்மானி தனது மின்கலத்திலிருந்து மிகச் சிறிய மின்னோட்டத்தை அனுப்பி, அது எவ்வளவு தடுக்கப்படுகின்றது என்பதைப் பார்க்கின்றது. எனவே அளக்கப்படும் பொருளில் வேறு மின்சாரம் சிறிதும் இருத்தல் ஆகாது. சுவரிலுள்ள ஆளியை அணைத்தல் போதாது. அது பழுதாயிருக்கலாம், மற்றொருவர் அதனைப் போட்டுவிடலாம், பழைய வீடுகளில் அந்த ஆளி தவறான கம்பியிற் பொருத்தப்பட்டும் இருக்கலாம். செருகியைக் குதையிலிருந்து முற்றாகக் கழற்றி, அளப்பவர் தம் கண்ணெதிரே மேசைமீது வைத்தல் வேண்டும். அளக்கும்போது செருகியின் முனைகளே அளவிடும் இடமாக அமைவதால் இவ்விதி தானாகவே காக்கப்படுகின்றது என்பது ஒரு நன்மை. அழுத்தி சற்று முன்னர் சூடாயிருந்திருப்பின், அடித்தகடு கைபொறுக்கும் அளவுக்கு ஆறும்வரை காத்திருத்தல் வேண்டும்.

அடுத்துக் கருவியைச் சோதித்தல். கரிய கம்பியைப் பொதுத்துளையிலும், சிவந்த கம்பியை ஓம் குறியுள்ள துளையிலும் செருக வேண்டும். 10 அம்பியர் என்று குறித்த துளையிற் சிவந்த கம்பியை மறந்து விட்டுவைத்தல் பெருந்தவறு. பின்னர் ஒருவர் அதே கருவியைக் கொண்டு சுவர்க்குதையின் மின்னழுத்தத்தை அளக்க முற்பட்டால், கருவி இரு முனைகளையும் நேரே இணைக்கும் கம்பியாகிவிடும். தீப்பொறி பாய்ந்து கருவி வெடிக்கவும் கூடும். கம்பிகளின் உறையில் வெடிப்பு உண்டா என்று பார்த்தபின், தெரிவுச் சக்கரத்தை 200 ஓம் என்னும் படியில் வைத்து இரு சோதனைமுனைகளையும் ஒன்றோடொன்று அழுத்த வேண்டும். திரையில் 0.2 முதல் 0.5 வரை ஒரு சிற்றெண் தோன்றும். அது கம்பிகளின் சொந்தத் தடை. அவ்வெண் நிலையில்லாமல் ஆடினால் கம்பியோ மின்கலமோ பழுது; அக்கருவி சொல்லும் வேறெதனையும் நம்பலாகாது. முனைகளைப் பிரித்ததும் OL என்றோ, சில கருவிகளில் இடப்பக்கத்தில் 1 என்று மாத்திரமோ தோன்றும். தெரிவுசெய்த படியில் அளக்க இயலாத அளவுக்குத் தடை பெரிது, அஃதாவது வழியில்லை, என்பதே அதன் பொருள்.

பல்மானிகள் பலவற்றில் ஒலியெழுப்பும் படியும் ஒன்று உண்டு. தொடர்ச்சி இருந்தால் ஒலிக்கும், இல்லையேல் ஒலிக்காது என்பது பலரும் அறிந்தது. இதனை முழுதும் நம்பி நல்ல அழுத்திகளை வீசியெறிந்தோர் உண்டு. இந்த ஒலி எல்லாத் தொடர்ச்சிக்கும் எழுவதன்று; தடை ஒரு குறித்த அளவுக்குக் கீழே இருந்தால்தான் எழும். அந்த அளவு கருவிக்குக் கருவி மாறும். பலவற்றில் 30 முதல் 50 ஓம் வரையில் அமைந்திருக்கும். அழுத்தியின் நல்ல சுருளோ 53 ஓம். அதனிடத்தில் கருவி மௌனம் சாதிக்கலாம். 26 ஓம் தடையுள்ள 2000 வாற்றுக் கேத்தலுக்கு ஒலிக்கும் அதே கருவி, 132 ஓம் தடையுள்ள 400 வாற்றுச் சிறு சோறாக்கியிடம் வாய் திறவாது. ஆதலால் கம்பி, உருகி, ஆளி ஆகியவற்றைச் சோதிக்கவே ஒலி உதவும். சுருளைச் சோதிக்க எண்ணையே பார்க்க வேண்டும்.

இப்போது ஒரு வழக்கினை எடுத்துப் படிப்படியாக ஆராய்வோம். கட்டுகஸ்தோட்டையில் ஒரு வீட்டில் 1000 வாற்று அழுத்தியொன்று திடீரெனச் சூடேறாமற் போனதென்று கொள்வோம். அதன் சிவப்பு விளக்கும் எரியவில்லை. முந்திய சில நாட்களாக அது வழக்கத்துக்கு மிஞ்சிச் சுட்டதென்றும், ஒரு சட்டையின் கழுத்துப்பட்டி பழுப்பேறியதென்றும் வீட்டார் கூறுகின்றனர். இந்தக் கடைசிச் செய்தியை நேயர்கள் நினைவில் வைத்தல் நன்று.

திருகாணி ஒன்றையும் கழற்றாமல், செருகியிலேயே முதல் அளவுகளை எடுக்கலாம். வெப்பக் குமிழை மிகுந்த சூட்டுக்குத் திருப்பி வைத்து, உயிர்முனைக்கும் நொதுமல் முனைக்கும் இடையே அளந்தால் 53 ஓமுக்கு அண்மையான எண் வருதல் வேண்டும். இங்கே வருவது OL. சங்கிலியில் எங்கோ ஒரு கண்ணி அறுந்துள்ளது. அடுத்து, புவிமுனைக்கும் அடித்தகட்டுக்கும் இடையே அளக்க வேண்டும். தகட்டில் படிந்த கறையின்மேல் முனையை வைத்தால் தவறான எண் வரும். பளிச்சென்ற உலோகத்தில் அழுத்தி வைத்தல் வேண்டும். இங்கே 0.4 ஓம் வருகின்றது. புவிக்கம்பி நலம். மூன்றாவதாக, தடைப்படியை மெகா ஓமுக்கு உயர்த்தி, உயிர்முனைக்கும் புவிமுனைக்கும் இடையிலும், நொதுமல் முனைக்கும் புவிமுனைக்கும் இடையிலும் தனித்தனியே அளக்க வேண்டும். இரண்டிலும் OL வருதல் வேண்டும்; வருகின்றது. இவ்வளவின்போது சோதனைமுனைகளின் உலோகத்தை இரு கைகளாலும் தொடலாகாது. தொட்டால் மனித உடலின் தடையையே கருவி அளந்து, இல்லாத கசிவை இருப்பதாகக் காட்டும்.

நொதுமல் முனையையும் ஏன் தனியே அளக்க வேண்டும் என்று கேட்கலாம். சங்கிலி நடுவில் அறுந்துள்ளதென்று முதல் அளவே காட்டிவிட்டது. ஆகவே உயிர்முனையில் வைத்த சோதனை அறுந்த இடம் வரைதான் செல்லும். அதற்கப்பாலுள்ள சுருளை அது தொடுவதேயில்லை. மறுபுறமாகிய நொதுமல் முனையிலிருந்து அளந்தால்தான் சுருளின் பக்கமும் சோதிக்கப்படும்.

இனி அழுத்தியின் பின்மூடியைக் கழற்றலாம். கழற்றுமுன் கம்பிகளின் நிறத்தையும் இடத்தையும் வரைந்து வைத்துக் கொள்ளுதல் வேண்டும். முதலில் வடம். செருகியின் உயிர்முனையிலிருந்து உள்ளே அது முடியும் இடம் வரை 0.3 ஓம், நொதுமற்கம்பியும் அவ்வாறே. சதுரமுனைகளையுடைய 13 அம்பியர்ச் செருகியின் உள்ளே ஓர் உருகி உண்டாதலின், அதுவும் இவ்வளவிலேயே சோதிக்கப்பட்டுவிடுகின்றது. பழைய உருண்டைமுனைச் செருகிகளில் அவ்வுருகி இல்லை. அளக்கும்போது வடத்தை, சிறப்பாக அது அழுத்தியினுட் புகும் இடத்தில், மெல்ல வளைத்துப் பார்த்தல் வேண்டும். நாள்தோறும் வளைந்து நிமிரும் அவ்விடத்தில் உள்ளேயுள்ள மெல்லிழைகள் அறுந்து, மேலுறை மட்டும் முழுமையாயிருப்பது பெருவழக்கு. வளைக்கும்போது எண் தோன்றி மறைந்தால் குற்றம் வடத்திலேயே. நம் வழக்கில் எண் அசையவில்லை.

அடுத்துச் சுருள். அதன் ஒரு முனையிலுள்ள இணைப்பைக் கழற்றிவிட்டு அளத்தல் வேண்டும். இல்லையேல் வேறு வழியாகச் சுற்றிச் செல்லும் மின்னோட்டம் அளவைக் குழப்பலாம். திரையில் 53.4 தோன்றுகின்றது. முன்னரே எழுதி வைத்த எண்ணுடன் அது பொருந்துகின்றது. சுருள் நலம். எஞ்சியவை இரண்டு. காப்புக் குழாயினுள் மறைந்திருக்கும் வெப்ப உருகியின் இரு முனைகளிலும் வைத்தால் OL. அறுந்த கண்ணி அகப்பட்டுவிட்டது.

இவ்விடத்தில்தான் அவசரக்காரர் கம்பித்துண்டைத் தேடிப் புறப்படுவார். அவர் புறப்படுமுன் ஒரு வினாவுக்கு விடை கூற வேண்டும்: உருகி ஏன் அறுந்தது? வெப்ப உருகி நாள்தோறும் வேலைசெய்யும் பொருளன்று. அழுத்தியின் சூடு எந்தத் துணிக்கும் தேவைப்படாத அளவுக்கு ஏறும்போது, ஒரேயொரு முறை அறுந்து தன்னைப் பலியிடுவதற்காகவே அது வைக்கப்பட்டுள்ளது. பருத்தித் துணிக்குரிய உச்சச் சூடே ஏறக்குறைய 200 பாகை செல்சியசு. அதற்கும் மேலே சூடேறினாலன்றி அவ்வுருகி அறுவதற்கு நியாயமில்லை. அவ்வாறு சூடேறாமற் காக்க வேண்டியது யார்? வெப்பநிலைநிறுத்தி. எனவே உருகியின் மரணத்துக்கு அதனையே விசாரித்தல் வேண்டும்.

வெப்பநிலைநிறுத்தியின் உயிர் ஈருலோகச் சட்டம். சூட்டினால் வெவ்வேறு அளவில் நீளும் இரு உலோகத் தகடுகளை ஒட்டிச் செய்தது அது. சூடேறும்போது அது வளைந்து, ஒன்றையொன்று தொட்டிருக்கும் இரு தொடுகைமுனைகளைப் பிரிக்கின்றது, மின்னோட்டம் நிற்கின்றது. ஆறியதும் நிமிர்ந்து மீண்டும் இணைக்கின்றது. குமிழைத் திருப்புவது, அது எவ்வளவு வளைந்தபின் முனைகள் பிரிய வேண்டும் என்பதை மாற்றுவதேயாகும். ஆகவே குளிர்ந்த நிலையில், குமிழ் மிகுந்த சூட்டில் இருக்கும்போது, வெப்பநிலைநிறுத்தியின் இரு முனைகளுக்கிடையே ஏறத்தாழச் சுழியம் வருதல் வேண்டும். நம் வழக்கில் 0.3 வருகின்றது. முதல் வினாவுடன் நிற்பவர், இதுவும் நலம் என்று கூறி மேற்செல்வார்.

ஆனால் இரண்டாவது வினா இங்கேதான் எழுகின்றது. சோதனைமுனைகளை எடுக்காமலே குமிழை அணைக்கும் நிலைக்குத் திருப்ப வேண்டும். நல்ல வெப்பநிலைநிறுத்தியில் ஒரு சிறு நொடியோசை கேட்கும். திரையில் OL தோன்றும். நம் வழக்கில் ஓசையில்லை, திரையில் 0.3 அப்படியே நிற்கின்றது. பிரிய வேண்டிய முனைகள் பிரியவில்லை. ஒவ்வொரு முறை பிரியும்போதும் எழும் சிறு தீப்பொறியினால் அம்முனைகள் நாளடைவில் உருகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. அதன்பின் அழுத்தி ஓய்வின்றிச் சூடேறியது. சட்டையின் கழுத்துப்பட்டி பழுத்தது. ஈற்றில் வெப்ப உருகி அறுந்து வீட்டைக் காத்தது. தொடர்ச்சி இருப்பதே இங்கே குற்றம். உருகியின் இடத்தில் கம்பியை முறுக்கியிருந்தால், அவ்வழுத்தியைத் தடுக்க எதுவும் இருந்திராது. கட்டிலின்மேல் மறந்து வைத்த ஒரு காலைப்பொழுதே போதும்.

அணைக்கும் நிலையில்லாத சில அழுத்திகளில், குளிர்ந்திருக்கும்போது குமிழ் மிகக் குறைந்த நிலையிலும் முனைகள் தொட்டிருக்கக் கூடும். அத்தகையவற்றில் இவ்வொரு சோதனையைக் கொண்டு தீர்ப்புக் கூறாமல், முனைகளைக் கண்ணாலும் பார்த்தல் வேண்டும். நீலமோ கருமையோ படர்ந்து, உருகிய மணிபோல் திரண்டிருந்தால் ஐயமில்லை.

இதற்கு மாறான நோயும் உண்டு. முனைகள் ஒட்டாமல், கருமை படிந்து சரியாகத் தொடாமல் இருக்கும். அப்போது திரையில் 0.3க்குப் பதிலாக 2, 5, 9 என்று நிலையற்ற எண்கள் தோன்றும். 2 ஓம் சிறிதுதானே என்று எண்ணலாகாது. 1000 வாற்று அழுத்தியில் நான்கு அம்பியருக்கு மேல் மின்னோட்டம் செல்கின்றது. அம்மின்னோட்டம் 2 ஓம் தடையைக் கடக்கும்போது மிளகளவான அவ்விடத்தில் ஏறக்குறைய 35 வாற்று வெப்பம் பிறக்கும். சுற்றியுள்ள பிளாத்திக்கு இளகுவதற்கு அது போதும்.

நம் வழக்கில் தீர்ப்பு இதுவே: வெப்பநிலைநிறுத்தியையும் வெப்ப உருகியையும் சேர்த்தே மாற்ற வேண்டும். புதிய உருகியின் உடலில் பொறித்துள்ள வெப்பநிலையும் அம்பியரும் பழையதனுடையவற்றோடு ஒத்திருக்க வேண்டும். அதனை ஈயப்பற்று வைத்து இணைக்கலாகாது. பற்றுக்கோலின் சூடே உருகியை அறுத்துவிடும். அறுக்காவிடினும் அழுத்தியின் சூட்டில் ஈயம் இளகிவிடும். நெருக்கிப் பிடிக்கும் உலோகக் குழலால் இணைப்பதே முறை. இவை கிடைக்காவிடில் அவ்வழுத்தியைக் கைவிடுதல் அறிவுடைமை.

மூன்றாவது வினாவை மலைநாட்டார் சிறப்பாகக் கவனித்தல் வேண்டும். சுருளைச் சூழ்ந்து உலோகக் குழாயினுள் மகனீசியம் ஒட்சைட்டு என்னும் வெண்தூள் அடைக்கப்பட்டிருக்கும். அது வெப்பத்தைக் கடத்தும், மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. மழை மாதங்களில் பல வாரம் பயன்படுத்தாது அலுமாரியிற் கிடந்த அழுத்தியில், குழாயின் முனைகளிலுள்ள அடைப்பு வெடித்திருப்பின், ஈரம் உட்புகும். பின்னர் அதனைச் செருகியதும் ட்ரிப் சுவிச் விழும். சுருளின் தடையோ 53 ஓமாகவே இருக்கும். அழுத்தியில் குற்றமில்லை, சுவிச்சிலேயே குற்றம் என்று வீட்டார் கருதுவர். அப்போதுதான் புவிக்கம்பியை வெட்டும் எண்ணம் தோன்றுகின்றது.

உண்மையில் அங்கே நிகழ்வது யாது? சுருளிலிருந்து தூளினூடாக அடித்தகட்டுக்கு மின்சாரம் கசிகின்றது. புவிக்கம்பி அதனை நிலத்துக்குக் கொண்டு செல்கின்றது. சென்றது முழுவதும் திரும்பவில்லை என்பதைக் கண்ட ட்ரிப் சுவிச், அவ்வேறுபாடு ஓர் அம்பியரின் ஆயிரத்தில் 30 பங்கை அடையுமுன்னரோ அடைந்ததுமோ மின்சாரத்தைத் துண்டிக்கின்றது. புவிக்கம்பியை வெட்டினால் கசிவு நிற்பதில்லை. அது செல்லும் வழி மாத்திரம் நிற்கின்றது. அடித்தகடு மின்னேறி, வேறு வழிக்காகக் காத்திருக்கும். ஈரத் தரையில் வெறுங்காலுடன் நின்று அதனைத் தொடுபவரே அவ்வழியாவார். இருமுனைச் செருகியைப் பேனாவால் நெம்பிக் குதையிற் புகுத்துவோர்க்கும் நிலை இதுவே. அங்கே புவிக்கம்பி தொடக்கத்திலிருந்தே இணைக்கப்படுவதில்லை.

பல்மானியில் இது தோன்றும் விதம் தெளிவானது. செருகியின் முனைகளுக்கும் புவிமுனைக்கும் இடையே, குமிழ் மிகுந்த சூட்டில் இருக்க அளக்கும்போது, OL வருவதற்குப் பதிலாக ஓர் எண் வரும். அது ஒரு மெகா ஓமுக்குக் குறைந்தால் அழுத்தியைச் செருகலாகாது. மழைவிட்ட வெயிலில் இரண்டு மூன்று நாள் நன்கு காயவைத்து மீண்டும் அளக்கலாம். எண் ஏறி மறைந்தால் ஈரமே காரணம். மறையாவிடில் சுருளின் காப்பு அழிந்துவிட்டது, அதற்கு மருந்தில்லை.

கருவியின் எல்லை ஒன்றையும் மறைத்தல் ஆகாது. பல்மானி சில வோல்ற்று மின்கலத்தைக் கொண்டே காப்பைச் சோதிக்கின்றது. வீட்டு மின்சாரமோ ஒவ்வோர் அலையிலும் 325 வோல்ற்று உச்சத்தைத் தொடுவது. சில வோல்ற்றுக்கு அடங்கியிருக்கும் வெடிப்பு, அவ்வுச்சத்தில் வாய் திறக்கலாம். அதனாற்றான் மின்தொழிலாளர் 500 வோல்ற்றுக் கொண்டு சோதிக்கும் வேறொரு மானியை வைத்திருக்கின்றனர். பல்மானி கசிவைக் காட்டினால் அதனை நம்பலாம். கசிவில்லை என்று காட்டிய பின்னரும் ட்ரிப் சுவிச் விழுமாயின், சுவிச்சையே நம்ப வேண்டும்.

அழுத்திக்குக் கூறியவை ஏனைய சிறு கருவிகளுக்கும் பொருந்தும். எனினும் சோறாக்கியில் ஒரு வேறுபாடு உண்டு. அதன் அடியிலுள்ளது ஈருலோகச் சட்டமன்று. ஏறக்குறைய 103 பாகையில் காந்தக் கவர்ச்சியை இழக்கும் ஓர் உலோகத்துண்டு. நீர் உள்ளவரை பானை கொதிநிலைக்கு மேல் சூடேறாது. நீர் வற்றியதும் சூடு ஏற, காந்தம் விடுபட்டு நெம்புகோல் மேலெழும். ஆகவே சோற்றுப்பானையை உள்ளே வைத்து, நெம்புகோலைக் கீழே அழுத்திய பின்னரே அளத்தல் வேண்டும். 700 வாற்றுச் சோறாக்கி அப்போது ஏறக்குறைய 76 ஓம் காட்டும். நெம்புகோல் மேலே இருக்க அளப்பவர், சோற்றை இளஞ்சூட்டில் வைக்கும் வேறொரு சுற்றை அளந்து, ஆயிரம் ஓமையும் கடந்த எண்ணைக் கண்டு, நல்ல சுருளைக் கெட்டதென்று தீர்ப்பளித்துவிடுவார்.

கட்டுகஸ்தோட்டை அழுத்திக்குப் புதிய உறுப்புகள் பொருத்தியாயிற்று என்று கொள்வோம். மூடியைப் பூட்டியபின், குதையிற் செருகுமுன், செருகியின் முனைகளில் அதே அளவுகளை மீண்டும் எடுத்தல் வேண்டும். குமிழ் உயர்ந்த நிலையில், உயிர்முனைக்கும் நொதுமல் முனைக்கும் இடையே 53க்கு அண்மை. குமிழை அணைத்ததும் OL. புவிமுனைக்கும் அடித்தகட்டுக்கும் இடையே ஓர் ஓமுக்குக் குறைவு. இப்போது சங்கிலி முழுமையாயுள்ளதால், குமிழை மீண்டும் உயர்த்திவைத்து உயிர்முனைக்கும் புவிமுனைக்கும் இடையே அளந்தால் சுருளின் முழு நீளமும் சோதிக்கப்படும். அங்கே OL வருதல் வேண்டும். பூட்டும்போது ஒரு கம்பி மூடியின் விளிம்பில் நசுங்கியிருந்தால், அதனைக் காட்டிக் கொடுப்பது இக்கடைசி அளவே. அது OL அல்லாத எதனைக் காட்டினாலும், சீருடை ஈரமாகவே இருக்கட்டும். அழுத்தி மேசையிலேயே இருத்தல் வேண்டும்.